மூன்று மாதமாக ஆர்டர் தராதவர்களுக்கு என்ன எழுதுவது: மண்டபத்து வீட்டு பேக்கரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டிலிருந்தே கேக் போட்டு விற்பவர்களுக்கு ஜூன் கடைசியில் ஒரு கவலை வரும். மார்ச்சில் வாரம் பதினைந்து ஆர்டர் வந்த இடத்தில் ஐந்தோ ஆறோதான் வரும். பழைய வாட்ஸப் உரையாடல்களைத் தள்ளிப் பார்த்தால், அடிக்கடி வாங்கிய பல பேர் அடியில் போய்க் கிடப்பார்கள். அவர்களை மறுபடி வரவழைக்க ஒரு செய்தி அனுப்பலாம் என்று தோன்றுவது அப்போதுதான்.

அந்தச் செய்தியை யாருக்கு, எப்படி, எப்போது அனுப்புவது என்பதை மண்டபத்தில் இருக்கும் ஒரு வீட்டு பேக்கரியை வைத்துப் பார்ப்போம். இது ஒரு மாதிரிக் கடை. எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. ஆனால் இதில் வரும் சிக்கல் ஒவ்வொன்றும் இந்தக் கரையில் கேக் விற்பவர்கள் சந்திப்பதுதான்.

கடையின் நிலை இது. ஒரு ஓடிஜி அடுப்பு, நாளைக்கு அதிகபட்சம் ஆறு அரைக்கிலோ கேக். அரைக்கிலோ கிரீம் கேக் 450 ரூபாய். மாவு, முட்டை, கிரீம், கரண்ட், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 260 ரூபாய் செலவு போக 190 ரூபாய் நிற்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி வரை வாடிக்கை. ஆர்டர் எல்லாம் வாட்ஸப் பிசினஸ் வழியாக. கூடவே ஒரு கோடுபோட்ட நோட்டில் தேதி, பெயர், கேக், எடை, தொகை எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. இந்த நோட்டு இல்லாத கடை, கீழே சொல்வதில் பாதியைச் செய்ய முடியாது.

முதலில் போன செய்தி

ஜூலை 1 அன்று, மூன்று மாதத்துக்கும் மேலாக ஆர்டர் தராத எண்கள் 103 எடுக்கப்பட்டன. அத்தனைக்கும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு, ஒரு வண்ணப் போஸ்டரோடு இந்தச் செய்தி போனது:

“அன்பான வாடிக்கையாளரே! உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்! எல்லா கேக்குக்கும் 20% தள்ளுபடி! 3 நாள் மட்டுமே! இன்றே ஆர்டர் செய்யுங்கள்!”

மூன்று நாளில் ஆறு அரைக்கிலோ கேக் விற்றது. பார்க்க நல்ல எண்ணிக்கைதான். நோட்டைப் புரட்டிக் கணக்குப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். ஆறு பேரில் மூன்று பேர் போன வருடமும் ஜூலை முதல் வாரத்தில் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கியவர்கள். நாலாவது ஆள் ஒரு விசைப்படகு வீடு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் வழக்கமான இடைவெளியில் வந்திருக்கிறார்கள். இந்த நாலு பேரும் செய்தி போகாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள் என்று சொல்ல நோட்டே சாட்சி. மீதி இரண்டு பேர்தான் செய்தியால் வந்தவர்கள்.

தள்ளுபடி ஒரு கேக்குக்கு 90 ரூபாய். நின்றது 100 ரூபாய். ஆறு கேக்குக்கு 600. செய்தியே அனுப்பாமல் அந்த நாலு பேர் மட்டும் முழு விலைக்கு வாங்கியிருந்தால் 760 நின்றிருக்கும். இரண்டு கேக் கூடுதலாகப் போட்டு, 160 ரூபாய் குறைவாகச் சம்பாதித்ததுதான் மிச்சம்.

இன்னொன்றும் நடந்தது. 103 எண்களில் இரட்டை டிக் விழுந்தது 41-க்குத்தான். பிராட்காஸ்ட் லிஸ்டில் போகும் செய்தி, நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். நாம் அவர்கள் எண்ணைச் சேமித்திருப்பது போதாது. கேக் கடை எண்ணை எத்தனை பேர் சேமிப்பார்கள்? பழைய உரையாடலைத் தேடி எடுத்து ஆர்டர் போடுவதுதான் பலர் வழக்கம். மாதக்கணக்கில் வராதவர்களில் சேமித்தவர்கள் இன்னும் குறைவு. ஆக, யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர்களுக்குப் போகாமல், ஏற்கெனவே நெருக்கமாக இருப்பவர்களுக்குத்தான் தள்ளுபடி போய்ச் சேர்ந்தது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து தகவல் பகுதியைத் திறந்தால், யாருக்குப் போனது, யார் படித்தார்கள் என்று பெயர் வாரியாகத் தெரியும். அதைப் பார்க்காமல் “103 பேருக்கு அனுப்பி 6 பேர்தான் வந்தாங்க” என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

யார் உண்மையில் நின்றுபோனவர்

பழுது செய்தியின் வாசகத்தில் தொடங்கவில்லை, பட்டியலில் தொடங்கியது. மூன்று மாதம் என்ற ஒரே கோட்டை எல்லோருக்கும் போட்டதுதான் தவறு. கேக் பால் மாதிரி அன்றாடம் வாங்கும் பொருள் இல்லை. ஒரு வீட்டுக்கு மூன்று வாரம் வழக்கம், இன்னொரு வீட்டுக்கு வருடம் ஒருமுறை வழக்கம். அவரவர் வழக்கத்தை வைத்துத்தான் அவர் நின்றுபோனாரா என்று சொல்ல முடியும்.

அதற்கு முன் எண்களை வீடுகளாக மாற்ற வேண்டும். இந்தக் கரையில் இது பெரிய வேலை, ஏனென்றால் பல வீடுகளில் ஆர்டர் போடுபவர் வெளிநாட்டில் இருப்பார். சவுதியிலோ துபாயிலோ இருக்கும் கணவர் அங்கிருந்தே மகளுக்கு கேக் சொல்லுவார், பணம் உள்ளூரில் மச்சான் அனுப்புவார். அவர் விடுமுறைக்கு ஊர் வந்துவிட்டால் உள்ளூர் எண்ணிலிருந்து பேசுவார், திரும்பிப் போனபின் மனைவி தன் எண்ணிலிருந்து ஆர்டர் போடுவார். நோட்டில் இது மூன்று வாடிக்கையாளர். உண்மையில் ஒரே வீடு, ஒரு மாதமும் நிற்காமல் வாங்கும் வீடு. டெலிவரி விலாசத்தை வைத்துச் சேர்த்து, வேறு எண்ணில் இப்போதும் வாங்கும் வீடுகளை நீக்கியபோது 103 எண்கள் 94 வீடுகளாகின.

அடுத்தது இடைவெளிக் கணக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய ஆர்டர் தேதிகளை எழுதி, இரண்டு ஆர்டருக்கு இடையே எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதில் மிக நீண்ட இடைவெளியை எடுத்து, அதன் பாதியை அதோடு கூட்ட வேண்டும். கடைசி ஆர்டரிலிருந்து அதையும் தாண்டி நாள் போயிருந்தால்தான் அவர் நின்றுபோனவர்.

ஒரு வீடு ஜனவரி 12, பிப்ரவரி 2, பிப்ரவரி 20, மார்ச் 15 ஆகிய நாட்களில் வாங்கியிருக்கிறது. இடைவெளிகள் 21, 18, 23 நாட்கள். நீண்டது 23, பாதியைக் கூட்டினால் 35. ஜூலை 1-க்குள் 108 நாள் ஆகிவிட்டது. இந்த வீடு சந்தேகமில்லாமல் நின்றுபோனது.

இன்னொரு வீடு ஜனவரி 5, பிப்ரவரி 9, மார்ச் 22. இடைவெளிகள் 35, 41. ஜூலை 1-க்கு 101 நாள். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் நின்றுபோனதுதான். ஆனால் இது விசைப்படகில் போகும் வீடு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் வருமானம் இல்லை, கேக்கும் இல்லை. 101-ல் 61-ஐக் கழித்தால் 40 நாள்தான். அவர்கள் வழக்கத்துக்குள்தான் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு “உங்களைக் காணோமே” என்று எழுதினால், காசில்லாத காலத்தைச் சுட்டிக்காட்டியது போலாகும். நாட்டுப்படகு வீடுகளுக்கு இந்தத் தடை கிடையாது, அவர்களுக்கு இந்த 61-ஐக் கழிக்கக் கூடாது. நோட்டில் ‘விசை’, ‘நாட்டு’ என்று ஒரு குறிப்பு இருந்தால் போதும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளுக்குத் தவக்கால நாட்களையும் இதே மாதிரி கழிக்கலாம், ஆனால் எல்லா வீடும் தவக்காலத்தில் கேக்கை விடுவதில்லை. போன வருட நோட்டில் அந்த நாட்களில் வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கழிப்பது நல்லது.

94 வீடுகளையும் இப்படிப் பிரித்தபோது வந்தது இது. பிறந்தநாளுக்கு மட்டும் வாங்குபவர்கள் 31. தடைக்காலத்தைக் கழித்தால் வழக்கத்துக்குள் இருப்பவர்கள் 14. கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் மட்டும் வாங்கியவர்கள் 10. மாற்றலாகி ஊரை விட்டுப் போனவர்கள் 9. மண்டபத்தில் கடலோரக் காவல்படை, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களின் குடியிருப்புகள் இருப்பதால் இந்த எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். புகார் சொல்லி அது தீராமல் போனவர்கள் 7. முதல் செய்திக்கே திரும்பி வந்த 2. இவ்வளவும் போக, உண்மையிலேயே நின்றுபோனவர்கள் 21 வீடுகள்.

103 எங்கே, 21 எங்கே. எண்ணிக்கை சுருங்கியதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 21 பேருக்குத் தனித்தனியாகக் கையால் எழுதலாம். 103 பேருக்கு முடியாது, அதனால்தான் போஸ்டர் போகிறது.

செய்தியின் வாசகம்

புதிய செய்தி பிராட்காஸ்டில் போகவில்லை. பழைய உரையாடலையே திறந்து அதன் அடியில் எழுதப்பட்டது. அதனால் இரண்டு நன்மை. எண்ணைச் சேமிக்காதவருக்கும் போய்ச் சேரும். திறந்தவுடன் மேலே அவர் முன்பு வாங்கிய கேக்கின் படமும் பேச்சும் இருப்பதால், யார் எழுதுகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

மார்ச் 15-ல் நின்ற அந்த வீட்டுக்குப் போனது இது:

“அக்கா, நல்லா இருக்கீங்களா? மண்டபத்துல கேக் போடுற (பெயர்). மார்ச்சுல டீயோட சாப்பிட அரைக்கிலோ கேரட் கேக் வாங்குனீங்க. இந்த ஞாயிறு கேரட் கேக் போடுறேன். அரைக்கிலோ இப்ப 450. கால் கிலோவாவும் தரேன், 240. உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா? வேண்டாம்னாலும் சொல்லுங்கக்கா, ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. கடைசியாக வாங்கியதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, இது ஊருக்கெல்லாம் போன செய்தி இல்லை என்பதை வேறு எதைவிடவும் சீக்கிரம் காட்டும். நோட்டில் பார்த்து எழுத வேண்டும்; கேரட் கேக் வாங்கியவரிடம் ரெட் வெல்வெட் என்று எழுதிவிட்டால் செய்தி அங்கேயே செத்துவிடும். ‘இந்த ஞாயிறு’ என்பது தள்ளுபடிக்குப் பதிலாக நிற்கும் காரணம். அடுப்பு எப்படியும் அன்று சூடாகிறது, கூட ஒன்று வைப்பது எளிது என்று படிப்பவருக்குப் புரியும். விலையை மறைக்கவில்லை. மார்ச்சில் அரைக்கிலோ 420 ஆக இருந்தது. விலை கேட்க வேண்டியிருந்தால், கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுபவர் கேட்கவே மாட்டார். கால் கிலோ அளவு, விலையால் தயங்குபவருக்கு ஒரு வழி. அரைக்கிலோவைத் தள்ளுபடியில் தருவதைவிட இது நல்லது. தள்ளுபடி விலையை ஒருமுறை கண்டவர் அடுத்த முறை முழு விலையைக் கூடுதலாகவே பார்ப்பார்.

‘எடுத்து வைக்கட்டுமா?’ என்ற கேள்விக்கு ‘சரி’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். கடைசி வரி மறுக்க இடம் தருகிறது. தெரிந்தவரிடம் வேண்டாம் என்று சொல்வது நம் ஊரில் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத் தவிர்க்கத்தான் பலர் பதிலே போடாமல் விடுகிறார்கள். வேண்டாம் என்பதற்கு வழி திறந்துவிட்டால் காரணமும் சேர்ந்து வரும். அந்தக் காரணம் ஒரு கேக் விலையைவிட மதிப்புள்ளது என்பது கீழே தெரியும்.

ஏன் வாங்கவில்லை என்று கேட்கவில்லை. அது விசாரணை. வீட்டில் சாவு விழுந்திருக்கலாம், சர்க்கரை நோய் வந்திருக்கலாம், காசு நெருக்கடியாக இருக்கலாம். கேக் விற்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லை.

முறைச்சொல் பழைய உரையாடலில் எதுவோ அதுவே. லாத்தா என்று கூப்பிட்டவரை லாத்தா என்றே, டீச்சர் என்றால் டீச்சர் என்றே. முன்பு குரல் செய்தியில் ஆர்டர் சொன்னவருக்கு எழுத்தில் அனுப்பாமல் இருபது விநாடிக்குள் குரல் செய்தியே அனுப்பப்பட்டது. வயதானவர்கள் எழுத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பிள்ளையிடம் படிக்கச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு மறந்துவிடுவார்கள். வெளிநாட்டு எண் என்றால் நேரம் பார்க்க வேண்டும். சவுதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் அங்கே பலர் இன்னும் வேலையில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிற்பகல் நல்லது.

எப்போது, ஒரு நாளைக்கு எத்தனை

21 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பவில்லை. நாளைக்கு ஆறு கேக் போடும் அடுப்புக்கு, வழக்கமான ஞாயிறு ஆர்டர் மூன்று நாலு இருக்கும்போது, ஒரே ஞாயிற்றுக்கு எட்டு ‘சரி’ வந்தால் என்ன செய்வது? திரும்பி வந்தவரை ‘இந்த வாரம் முடியாது’ என்று அனுப்பினால் மறுபடி அவரைக் கூப்பிட முகம் இருக்காது. கேரட் கேக்கை முதல் நாளே சுட்டு வைக்கலாம், மறுநாள் இன்னும் நன்றாகவே இருக்கும். கிரீம் கேக்குக்கு அந்த வசதி குறைவு.

ஜூலை 16-லிருந்து மூன்று நாட்களில் ஐந்து, ஐந்து, நாலு என 14 பேருக்குப் போனது. மீதி 7 பேருக்கு இரண்டு வாரம் ஒன்றும் அனுப்பவில்லை. அடுப்பின் கொள்ளளவு ஒரு காரணம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் வேண்டும் என்பது இன்னொரு காரணம். அதைப் பின்னால் பார்ப்போம்.

அனுப்பும் நேரம் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள். அந்த நேரத்தை வாடிக்கையாளரை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. பதில் வந்தால் கால் மணி நேரத்துக்குள் மறுபதில் போட கை சும்மா இருக்க வேண்டும். ‘சரி, எத்தனை மணிக்கு வரும்?’ என்று கேட்டவருக்கு மூன்று மணி நேரம் கழித்து மாவுக்கையோடு பதில் போட்டால் ஆர்வம் போய்விடும். அந்த ஞாயிறு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உண்டா என்றும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் வார நாட்களில்தான் வரும் என்றாலும், காலை ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இல்லாத நாளில் கேக் தேதி சொல்லிவிட்டால் மொத்தமும் குலைந்துவிடும்.

வாட்ஸப் குரூப் ஒன்று தொடங்கி எல்லோரையும் அதில் சேர்த்துவிடலாமே என்று சிலர் யோசிப்பார்கள். செய்யக் கூடாது. குரூப்பில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஆர்டர் போடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் எண்ணைத் தெரியாத ஆட்களுக்குக் காட்டினால் அந்தக் குடும்பமே இனி வராது, பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடும்.

வந்த பதில்கள்

14-ல் 13 பேருக்கு இரட்டை டிக். ஒருவருக்கு மூன்று நாளாகியும் ஒற்றை டிக்தான், எண் மாறியிருக்கலாம். 9 பேர் பதில் போட்டார்கள். அதில் 5 ஆர்டர். இருவர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். ஒருவர் “வீட்டுல எல்லாருக்கும் சுகர் வந்துருச்சுமா” என்றார். உச்சிப்புளியிலிருந்து வந்த ஒரு பதில் இது: “கேக் நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஆனா மார்ச்சுல வாங்கும்போது கிரீம் ஒரு பக்கம் சரிஞ்சு வந்துச்சு. விருந்தாளி முன்னாடி வெட்ட ஒரு மாதிரி ஆயிருச்சு.”

இவர் அப்போது புகார் சொல்லவில்லை. பணம் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்காமல் இருந்துவிட்டார். புகார் சொல்லாமல் நகர்வதுதான் பெரும்பாலோர் வழக்கம் என்பதால், ஒரு பதில் இப்படி வந்தால் உடனே நோட்டுக்குப் போக வேண்டும். 21 வீடுகளில் எத்தனை உச்சிப்புளிப் பக்கம்? ஆறு. அந்த ஆறும் கடைசியாக வாங்கியது மார்ச் மாதத்தில். ஆறும் விப்பிங் கிரீம் கேக். முதல் 14-ல் இந்த ஆறில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் இந்தப் பதில் போட்டவர், மற்ற மூவரும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள். விலையாலோ சுவையாலோ அவர்கள் நிற்கவில்லை, ரோடுதான் காரணம் என்று எண்ண இடமிருந்தது.

மண்டபத்திலிருந்து உச்சிப்புளி சுமார் 20 கிலோமீட்டர். ஆட்டோவில் போனால் இடையில் நிறுத்தங்களோடு முக்கால் மணி நேரம். அடித்து உப்பிய கிரீம் குளிரில்தான் உருவம் காக்கும். மார்ச் மதியத்தில் மூடிய அட்டைப்பெட்டிக்குள் காற்று இன்னும் சூடாகும், கிரீம் தளர்ந்து, வண்டி திரும்பும் பக்கம் சரியும். பெட்டியை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் இது நடக்கும். அலங்காரம் செய்தவுடனே அனுப்பினால் இன்னும் மோசம், ஏனென்றால் கேக்கின் நடுப்பகுதி குளிரவே இல்லை.

மாற்றியது மூன்று. அலங்கரித்த கேக் குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும், ஃபிரிட்ஜில் இருந்த பிறகே வெளியே எடுப்பது. அட்டைப்பெட்டியை ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கவாட்டில் உறைய வைத்த இரண்டு ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி வைப்பது. துணி சுற்றாவிட்டால் வியர்க்கும் நீர் அட்டையை ஊறவைத்துவிடும். டெலிவரியைக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் மட்டும் வைத்துக்கொள்வது. தெர்மாகோல் பெட்டி திரும்பி வர வேண்டும், அதனால் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடமே கொடுக்க வேண்டியிருக்கும். மதியம்தான் வேண்டும் என்பவர்களுக்கு கிரீம் இல்லாமல், சாக்லேட் கனாஷ் மட்டும் மெல்லிசாகப் பூசிய கேக்கைச் சொல்லலாம். கனாஷும் வெயிலில் இளகும், ஆனால் சரிந்து விழாது.

பதில் போட்டவருக்கு அன்றே போன மறுபதில்: “சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா, எனக்குத் தெரியாமப் போச்சு. இப்ப ஐஸ் வச்ச பெட்டியில காலையில அனுப்புறேன். அடுத்த தடவ வாங்கும்போது சரிஞ்சு வந்தா காசு வேண்டாம்.” இலவச கேக் தரவில்லை. நடந்ததை ஒப்புக்கொண்டு, மறுபடி நடந்தால் என்ன செய்வோம் என்று மட்டும் சொன்னது. அவர் ஆகஸ்டில் வாங்கினார்.

கணக்கு

இரண்டு வாரத்தில் செய்தி போன 14-ல் 5 ஆர்டர். செய்தி போகாத 7-ல் ஒரு வீடு தானாகவே ஆர்டர் போட்டது. ஏழில் ஒன்று தானாக வரும் என்றால், பதினாலில் இரண்டு தானாக வந்திருக்கும். ஆக, செய்தி கொண்டு வந்தது மூன்று ஆர்டர் என்று கொள்ளலாம். ஐந்துமே அரைக்கிலோதான், முழு விலை. மூன்று பெருக்கல் 190, 570 ரூபாய். போஸ்டர் செய்தி 160 ரூபாயைத் தின்றதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரு ஆள் முன்னே பின்னே ஆனாலும் விடை மாறிவிடும். இருந்தாலும் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம். ஒதுக்கவில்லை என்றால் ஐந்தும் செய்தியால் வந்ததாகவே தோன்றும், அடுத்த மாதம் எல்லோருக்கும் அனுப்பத் தோன்றும்.

முதல் ஆர்டரைவிட இரண்டாவது ஆர்டரைப் பார்ப்பதுதான் சரியான அளவுகோல். ஐந்து பேரில் மூன்று பேர் அடுத்த 60 நாட்களுக்குள் கேட்காமலே மறுபடி வாங்கினார்கள். அவர்கள்தான் உண்மையில் திரும்பி வந்தவர்கள். மற்ற இருவர் மரியாதைக்காக ஒருமுறை வாங்கியிருக்கலாம். தெரிந்தவர் நேரடியாகக் கேட்கும்போது அப்படி நடப்பது இயல்பு, அவர்களை மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது.

மீதியிருந்த ஆறு பேருக்கு ஜூலை கடைசியில் செய்தி போனது. அதில் உச்சிப்புளிக்காரர்கள் இருவர். அவர்கள் செய்தியில் மட்டும் ஒரு வரி கூடுதல்: “இப்ப ஐஸ் வச்ச தெர்மாகோல் பெட்டியில காலையிலயே அனுப்புறேன்.” போன தடவை சரிந்ததா என்று கேட்கவில்லை, சரியாத கேக் வாங்கியவரிடம் அப்படிக் கேட்டால் இல்லாத சந்தேகத்தை உண்டாக்கியதாகும். ஆறு பேரில் இருவர் ஆர்டர் போட்டார்கள், அதில் ஒருவர் உச்சிப்புளி. முன்பு பேசாமல் இருந்த மூன்று உச்சிப்புளி வீடுகளுக்கு இதைச் சொல்ல உடனே இரண்டாவது செய்தி போகவில்லை. ஸ்டேட்டஸில் பெட்டியின் படம் மட்டும் போட்டது. ஸ்டேட்டஸும் எண்ணைச் சேமித்தவர்களுக்கே தெரியும் என்பதால் அதில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது.

பட்டியலில் மிச்சமிருந்தவர்கள்

புகார் தீராத 7 வீடுகளுக்குச் செய்தியே கிடையாது, போன்தான். எழுத்தில் மன்னிப்பு கேட்டால் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். போனில் முதல் வரியே விஷயமாக இருக்க வேண்டும்: “ஜனவரியில கேக்ல பேர் தப்பா எழுதி அனுப்பிட்டேன், அதுக்குத்தான் கூப்பிட்டேன்.” அதன்பின் அவர் பேசட்டும். அந்தப் போனில் ஆர்டர் கேட்கக் கூடாது. கேட்டால் மன்னிப்பு வியாபாரமாகிவிடும்.

பிறந்தநாள் வீடுகள் 31-க்கும் தேதிப் பட்டியல் போட்டாயிற்று. பிறந்தநாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, போன வருடக் கேக்கின் படத்தோடு ஒரு வரி போகும். இதைவிட முன்னால் அனுப்பினால் மறந்துவிடுவார்கள், மூன்று நாள் முன்பு என்றால் வேறு இடத்தில் சொல்லியிருப்பார்கள். அந்த வருடம் அந்த வீட்டில் சாவு ஏதும் விழுந்ததா என்பது போன்ற விஷயம் உள்ளூரில் தெரியும்; தெரிந்தால் அந்த வருடம் விட்டுவிட வேண்டும். பிளம் கேக் வீடுகள் நவம்பர் வரை காத்திருக்கும். பழங்களை ஊறவைத்த ஜாடியின் படத்தோடு அப்போது அனுப்பலாம். மாற்றலாகிப் போனவர்களில் யாரிடமாவது நல்ல பழக்கம் இருந்தால், அந்தக் குடியிருப்பில் புதிதாக வந்தவருக்கு எண்ணைக் கொடுக்கச் சொல்லலாம்.

அடுத்த வாரம் என்று சொன்ன இருவருக்கு, அந்த அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரே ஒரு நினைவூட்டல். கணக்கெடுத்த இரண்டு வாரம் முடிந்தபின் ஒருவர் வாங்கினார், ஒருவர் பதில் போடவில்லை. படித்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களுக்கு இன்னொரு செய்தி உடனே போகாது. அவர்கள் உரையாடலுக்கு ‘ஜூலையில் கேட்டாச்சு’ என்று ஒரு லேபிள், அவ்வளவுதான். டிசம்பருக்கு முன் அவர்களுக்கு எதுவும் போகாது. “அனுப்ப வேண்டாம்” என்று சொன்னவர் இருந்தால் அவருக்கு ‘அனுப்பக் கூடாது’ என்ற தனி லேபிள், அதற்குப் பண்டிகை வாழ்த்தும் விலக்கில்லை. பலர் சேர்ந்து பிளாக் செய்து புகார் கொடுத்தால் வாட்ஸப் அந்தக் கணக்கையே முடக்கும், முடங்கினால் வழக்கமாக வாங்குபவர்களின் ஆர்டரும் நின்றுவிடும்.

நோட்டில் இப்போது இரண்டு கட்டம் கூடியிருக்கிறது. ஒன்றில் டெலிவரி போன இடமும் நேரமும். இன்னொன்றில், கேக் போன மறுநாள் “நல்லா வந்துச்சா?” என்று கேட்டதற்கு வந்த பதில், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே.